ஜூலை பதினாலு திங்கள் அல்ல

"ஜூலை 14 திங்கள் முதல் 18 வெள்ளி வரை நடக்கும் ஐந்து நாள் பயிற்சிக்குச் செல்ல அனுமதியும், அதன் கட்டணம் ரூபாய் 21,000-க்கு ஒப்புதலும் வேண்டுகிறேன்."

இது ஆங்கிலத்தில் இருந்த ஒரு வாக்கியத்தின் தமிழ். தாளின் தலையில் ஜூன் 23 என்று தேதி போட்டிருந்தது. அந்த விண்ணப்பத்தின் இரண்டு வரைவுகளும் என்னிடம் இருக்கின்றன. கையில் வரும் எந்தத் தாளையும் தேதி எழுதி எடுத்துவைப்பது என் வழக்கம். கொச்சி மட்டாஞ்சேரியில் எந்தப் படகுத்துறை எந்த மாதம் மூடப்பட்டது, எந்தக் கிடங்கில் எந்த மழைக்குத் தண்ணீர் ஏறியது என்றெல்லாம் பல வருடமாகக் குறித்துவருகிறேன். யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்வதற்கு இருக்கிறது.

நான் வேலை பார்ப்பது மிளகும் சுக்கும் ஏலமும் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில். கப்பலுக்கான ஆவணங்கள் என் பொறுப்பு. எங்கள் அலுவலகம் கிடங்கின் மாடியில், லேப் கீழே. லேபில் சரக்கைச் சோதித்துக் கையெழுத்துப் போடுபவர் ஓர் அக்கா. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவருடைய அப்பா கொச்சி மாநகராட்சியில் வேலை பார்த்தவர். அக்கா பிறந்ததும் படித்ததும் எல்லாம் இங்கேதான். தமிழில் பேசுவார், மலையாளத்தில் எழுதுவார், அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் அனுப்புவார். நான் பள்ளிப் படிப்பைத் தமிழ்நாட்டில் முடித்துவிட்டு வந்தவன். அதனால் என் தமிழை அவர் 'வானொலித் தமிழ்' என்பார்.

அன்று செவ்வாய்க்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து கை ஈரம் காய்வதற்குள் அக்கா மாடியேறி வந்து தாளை என் மேசையில் வைத்தார்.

"தம்பி, இத ஒண்ணு நோக்கித் தா. தப்பு இருந்தா திருத்து. ஆனா உன் வலிய இங்கிலீஷ எல்லாம் உள்ள கேத்தாதே கேட்டோ. நான் எழுதினதில்லன்னு சார் ஒரு வரியில கண்டுபிடிச்சுடுவாரு."

விஷயம் எனக்கு முன்பே தெரியும். உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாமல் ஐரோப்பாவில் எங்கள் மிளகை வாங்கமாட்டார்கள். அந்தச் சான்றிதழைத் தக்கவைக்க வருடத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து தணிக்கைக்கு வருவார்கள். அதற்கு முன்னால் நாங்களே உள்ளுக்குள் ஒரு தணிக்கை செய்து குறைகளை எழுதிச் சரிசெய்திருக்க வேண்டும். இந்த வேலைக்கெல்லாம் பொறுப்பாளராக இருந்தவர் பிப்ரவரியில் துபாய்க்குப் போய்விட்டார். அதிலிருந்து அக்காதான் அந்த வேலையைச் செய்துவருகிறார். பதவிப் பெயர் மட்டும் இல்லை. மேனேஜர் இரண்டு முறை அவரிடம் நேராகவே சொல்லியிருந்தார்: தணிக்கையாளர் பயிற்சிச் சான்றிதழ் கையில் இருந்தால் பொறுப்பு அவருக்கு, இல்லையென்றால் வெளியிலிருந்து ஆள் எடுக்க வேண்டிவரும். வெளித் தணிக்கை செப்டம்பரில், உள் தணிக்கை ஆகஸ்டில். பயிற்சி ஜூலையில் ஒன்று, அதைவிட்டால் நவம்பரில் ஒன்று. நவம்பர் வரை நாற்காலி காலியாக இருக்காது.

பயிற்சிக்குப் போகட்டுமா என்று அக்கா இரண்டு முறை கேட்டபோதும் மேனேஜர் 'எழுதித் தா' என்று சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் அல்ல. ஆனால் தாளில் ஓர் எண் தப்பாக இருந்தால் கேள்வி கேட்கமாட்டார். ஓரத்தில் ஒரு கோடு போட்டுத் திருப்பிவிடுவார். அப்படித் திரும்பிய தாள் மறுபடி அவர் மேசைக்குப் போனால் அடுக்கின் அடியில்தான் போகும். அக்காவின் பயம் அதுதான்.

நான் பேனாவை எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். அவருடைய ஆங்கிலம் நன்றாகவே இருந்தது. 'தாழ்மையுடன்' இரண்டு இடத்தில் வந்தது, ஒன்றை அடித்தேன். 'என் இல்லாமையால் எந்த வேலையும் தடைபடாது' என்று ஒரு வரி. எப்படித் தடைபடாது என்று மேனேஜர் கேட்பார் என்பதால் அதன் கீழே கோடு போட்டேன். பிறகு தேதிக்கு வந்தேன்.

ஜூலை ஒன்று புதன். அது என் தலையில் இருக்கும், ஏனென்றால் மாதத்தின் முதல் நாள் எனக்கு ஓர் அறிக்கை உண்டு. ஒன்று புதன் என்றால் பதினைந்தும் புதன். பதினாலு செவ்வாய். தாளில் திங்கள் என்று இருந்தது.

"அக்கா, பதினாலாம் தேதி திங்கள் இல்லையே. செவ்வாய்."

"போ தம்பி. நான் கலண்டர் நோக்கித்தான் எழுதினேன். நோட்டீஸ்லயும் திங்கள்னுதான் இருக்கு." போனை எடுத்து நீட்டினார். பயிற்சி நிறுவனத்தின் நோட்டீஸ் அதில் இருந்தது. மசாலாக் கம்பெனிகளின் லேப் ஆட்கள் சேர்ந்திருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டது. ஜூலை 14–18, திங்கள்–வெள்ளி, களமசேரி, கட்டணம் 21,000, வரி தனி. வருடம் மட்டும் எங்கும் இல்லை.

பழைய ஆவணங்களை வாசிப்பதில் எனக்கு ஆர்வம் உண்டு. துறைமுகக் குறிப்புகள், பயணிகளின் நாட்குறிப்புகள், வழக்குத் தீர்ப்புகள் என்று கிடைத்ததை எல்லாம் வாசிப்பேன். அந்த வாசிப்பில் கற்ற ஒரு வழி உண்டு: தேதியும் கிழமையும் பொருந்தவில்லை என்றால், எழுதியவருக்குக் கிழமை தெரியவில்லை என்று உடனே முடிவுகட்டக் கூடாது. மனிதர்கள் தேதியை மறப்பார்கள், கிழமையை லேசில் மறக்கமாட்டார்கள். பெரும்பாலும் வருடம்தான் தப்பாக இருக்கும். ஒரு வருடம் பின்னால் போனால் ஜூலை பதினாலு திங்கள். நோட்டீஸ் போன வருடத்தது.

நோட்டீஸ் பழையது என்பது புரிந்தது. அக்கா கலண்டரைப் பார்த்து எழுதினேன் என்றது புரியவில்லை. கீழே இறங்கிப் போனோம்.

லேபில் ஒரு பழக்கம் உண்டு. கப்பலில் போகும் ஒவ்வொரு சரக்கிலும் கொஞ்சம் எடுத்து, உறையிட்டு, தேதி எழுதி அலமாரியில் வைப்பார்கள். அக்கரையில் வாங்கியவர் ஏதாவது புகார் சொன்னால் எடுத்துச் சோதிக்க அது வேண்டும். ஒரு வருடம் ஆனதும் ஒவ்வொன்றாகக் கழித்துவிடுவார்கள். அந்தக் கணக்குக்காக அலமாரிக்கு மேலே போன வருடக் கலண்டர் தொங்கும். இந்த வருடத்தது கதவுக்குப் பின்னால். அக்காவின் மேசை அலமாரியை ஒட்டி இருக்கிறது. தலையை நிமிர்த்தினால் தெரிவது போன வருடம்.

அக்கா அந்தக் கலண்டரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு வருஷமா இதுக்கு அடியில உக்காந்து சாயா குடிக்கிறேன்" என்றார். பிறகு, "நீ யாருகிட்டயும் சொல்லாதே. மாடியில தெரிஞ்சா நான் ஓய்வு பெற்றுப் போற வரைக்கும் இதையே சொல்லிச் சிரிப்பாங்க" என்றார்.

இதைப் போன்ற தவறு வேறு எந்த அலுவலகத்திலும் நடக்காது. எங்கள் லேபில் மட்டும்தான் போன வருடம் வேலைக்கு வேண்டிய பொருளாகச் சுவரில் தொங்குகிறது. நோட்டீஸும் கலண்டரும் ஒரே வருடத்தைச் சேர்ந்தவை என்பதால் ஒன்றை ஒன்று உறுதிசெய்துவிட்டன. அவர் சரிபார்க்காமல் எழுதவில்லை, சரிபார்த்துத்தான் தவறினார்.

மறுநாள் காலை அக்கா பயிற்சி நிறுவனத்துக்குப் போன் செய்தார். எண் மாறவில்லை. இந்த வருடப் பயிற்சி ஜூலை 20 திங்கள் முதல் 24 வெள்ளி வரை, அதே களமசேரியில். கடைசி நாள் தேர்வு. ஜூலை 3-க்குள் பெயரும் பணமும் வந்துவிட வேண்டும். கட்டணம் 24,000, வரி தனி. நோட்டீஸை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கினார். அதில் வருடம் இருந்தது. நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

தேதி சரியானதும் தொகை இடிக்கத் தொடங்கியது. எங்கள் மேனேஜர் தன் கையெழுத்தில் இருபத்தையாயிரம் வரைக்கும் அனுமதிக்கலாம். அதற்கு மேலே போனால் மும்பை ஹெட் ஆபீஸ். அங்கே போன தாள் திரும்பி வர எத்தனை நாள் என்று யாரும் சொல்ல முடியாது. ஜூலை 3-க்குள் வராது என்பதை மட்டும் எல்லோரும் சொல்வார்கள். பழைய கட்டணத்தில் வரியோடு சேர்த்தாலும் இருபத்தையாயிரத்துக்குள் அடங்கியிருக்கும். புதியதில் பதினெட்டு சதவீத ஜிஎஸ்டி 4,320. மொத்தம் 28,320.

அக்கா தொகையைப் பார்த்தார். என்னை அழைத்துக்கொண்டு கணக்குப் பிரிவுக்குப் போனார்.

எங்கள் கணக்காளர் கொங்கணி பேசும் குடும்பத்தைச் சேர்ந்தவர். மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவர். எல்லோருக்கும் அவர் சேட்டன், அதாவது அண்ணன். மலையாளத்தில்தான் பேசுவார், அக்காவைக் கிண்டல் செய்ய மட்டும் தமிழுக்கு வருவார். முழுவதையும் கேட்டுவிட்டு முதலில் அவர் கேட்டது பணம் கட்டப்போவது யார் என்று. தானே கட்டிவிட்டுப் பிறகு ரசீது காட்டி வாங்கிக்கொள்வதாக அக்கா நினைத்திருந்தார். முதல் வரைவிலும் அப்படித்தான் எழுதியிருந்தார். நிறுவனத்துக்குச் சிரமம் கொடுக்க வேண்டாமே என்பது அவர் எண்ணம்.

சேட்டன் தலையில் கை வைத்துக்கொண்டார். இன்வாய்ஸ் அக்காவின் பெயரில் வந்தால் அந்த 4,320 போனது போனதுதான். நிறுவனத்தின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் போட்டு வந்தால், ஊழியருக்கான பயிற்சி நிறுவனத்தின் தொழிலுக்கு உள்ள செலவு என்பதால், அந்த வரியை நிறுவனம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். அப்போது உண்மையான செலவு 24,000 மட்டும். அது மேனேஜர் கைக்குள் அடங்கும். இதைச் சொல்லிவிட்டு அவர் ஓர் ஆலோசனையும் சொன்னார்: விண்ணப்பத்தில் 24,000 என்று மட்டும் எழுதினால் போதும். வரி எப்படியும் திரும்புகிறது. எழுதினால் வீணாகக் கண்ணில் படும்.

"எழுதாம இருந்தா தப்பா சேட்டா?" என்று அக்கா கேட்டார்.

"தப்பில்ல. எழுதினா குழப்பம், அவ்வளவுதான்." இதை அவர் தமிழிலேயே சொன்னார். பிறகு என்னைக் காட்டி, "இவன்கிட்ட கேக்காதீங்க. இவன் நீங்க படகு ஏறின நேரத்தையும் சேத்து எழுதச் சொல்லுவான்" என்றார்.

நான் இரண்டையும் எழுத வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஜூலை 3 என் தேதி அல்ல, அவருடையது. மும்பைக்குப் போனால் இழப்பது அவர். அதனால் முந்திக்கொண்டு எதுவும் சொல்லவில்லை. படியில் திரும்பி வரும்போது அக்கா நின்றார். கீழே சுக்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தும்மலை அடக்கிக்கொண்டு பேசினார்.

"ரெண்டையும் எழுது தம்பி. இருபத்திநாலுன்னு ஒப்பு வாங்கிட்டு, அப்புறம் இருபத்தெட்டு சில்லறைக்கு இன்வாய்ஸ் வந்து நின்னா, சார் என்னைத்தான் நோக்குவாரு. நான் போகப் போறது அடுத்தவங்க எழுதினதுல எது விட்டுப்போச்சுன்னு கண்டுபிடிக்கப் படிக்க. போறதுக்கு முன்னாடியே நான் விட்டு எழுதினா நல்லாவா இருக்கு?"

அன்று பிற்பகல் இரண்டாம் வரைவை நாங்கள் சேர்ந்து எழுதினோம். எழுதினோம் என்றால், அவர் சொன்னார், நான் தட்டினேன், நான் சேர்த்ததை எல்லாம் அவர் எடுத்தார். இந்தத் துறையில் பயிற்சியின் முக்கியத்துவம் பற்றி நான் ஒரு பத்தி எழுதியிருந்தேன். 'சாருக்கு இது தெரியாதா?' என்று அதைத் தூக்கிவிட்டார். செப்டம்பர் தணிக்கை, ஆகஸ்ட் உள் தணிக்கை, பயிற்சி பெற்ற ஆள் இப்போது நிறுவனத்தில் இல்லை என்று மூன்றே வரியில் காரணத்தைச் சொன்னார். அது என் பத்தியைவிட நன்றாக இருந்தது.

தொகையைத் தனித்தனி வரியில் போட்டோம்: கட்டணம், வரி, செலுத்த வேண்டிய மொத்தம். நிறுவனத்தின் பெயரில் இன்வாய்ஸ் பெற்று நிறுவனமே நேராகச் செலுத்தினால் வரியைக் கழித்துக்கொள்ளலாம், நிகரச் செலவு 24,000 என்று அதன் கீழே. போக்குவரத்துச் செலவு கேட்கவில்லை. படகில் எர்ணாகுளம் போய் அங்கிருந்து மெட்ரோவில் களமசேரி போவதைத் தானே பார்த்துக்கொள்வதாக அக்கா சொன்னார். பெயர் கொடுக்கக் கடைசி நாள் ஜூலை 3 என்பதை முதல் பத்திக்கே கொண்டுபோனேன். அது முதலில் கடைசி வரியில் இருந்தது. கடைசி வரியில் இருக்கும் கடைசி நாளை யாரும் மதிப்பதில்லை.

மிச்சம் இருந்தது 'எந்த வேலையும் தடைபடாது' என்ற வரி. தேதி மாறியதால் அதுவும் மாறியிருந்தது. பழைய தேதிகளில் எங்களுக்குக் கப்பல் இல்லை. புதிய வாரத்தில் இருந்தது. 23 வியாழனன்று ஒரு மிளகுக் கன்டெய்னர் துறைமுகத்துக்குள் போயாக வேண்டும். அதற்கு அக்காவின் சோதனை அறிக்கை வேண்டும். அறிக்கை இல்லாமல் என் ஆவணம் நகராது. தேதிகளை மட்டும் திருத்திவிட்டு இந்த வரியைத் தொடாமல் விட்டிருந்தால் விண்ணப்பம் அங்கேயே விழுந்திருக்கும். கப்பல் பட்டியல் மேனேஜர் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருக்கிறது.

அந்த மிளகு எப்போது கிடங்குக்கு வருகிறது என்று கீழே கேட்டுவந்தேன். 13-ஆம் தேதி வாரத்திலேயே முழுவதும் வந்துவிடும் என்றார்கள். அப்படியானால் 17 வெள்ளிக்குள் சாம்பிள் எடுத்து ஈரமும் ஒரு லிட்டர் மிளகின் எடையும் மற்றவையும் பார்த்துக் கையெழுத்தும் போட்டுவிடலாம். பயிற்சி வாரத்தில் புதிதாக வரும் சரக்கை லேபின் இரண்டாவது ஆள் பார்ப்பார். அக்கா விடுப்பில் போகும்போது கையெழுத்திட அவருக்கு அனுமதி ஏற்கெனவே உண்டு. 'தடைபடாது' என்ற ஒரு சொல் இப்படி மூன்று வாக்கியமாக வளர்ந்தது. தாள் ஒரு பக்கத்துக்குள் நின்றது. எல்லாத் தேதிக்கும் நேராகக் கிழமையைப் போட்டு, கதவுக்குப் பின்னால் தொங்கும் கலண்டரில் ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

ஜூன் 25 வியாழன் காலை தாள் மேனேஜர் அறைக்குப் போனது. கையெழுத்துக்காக என் ஆவணங்களும் அங்கே இருந்ததால் நானும் நின்றிருந்தேன். அவர் கோட்டயத்துப் பக்கம். அக்காவும் அவரும் பேசிக்கொண்டது மலையாளத்தில். எந்தத் தாளையும் அவர் தொகையிலிருந்துதான் படிக்கத் தொடங்குவார். 28,320-இல் விரல் நின்றது. இது தன் கைக்கு எட்டாது, மும்பைக்கு அனுப்ப வேண்டும் என்றார். அக்கா அடுத்த வரியைச் சுட்டிக்காட்டினார். அவர் படித்தார். கணக்காளரைப் போனில் அழைத்து வரி திரும்புமா என்று ஒரே கேள்வி கேட்டார். சேட்டன் என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. வரவுசெலவில் செலவாக ஏறுவது எதுவோ அதற்குத்தான் தன் வரம்பு, இது 24,000தான் என்று மேனேஜர் போனிலேயே சொல்லிவிட்டு வைத்தார்.

பிறகு எதிர்பாராத ஒன்றைக் கேட்டார். இந்தப் பயிற்சி இருபத்தோராயிரம் அல்லவா, தனக்கும் அந்த நோட்டீஸ் வந்திருக்கிறதே என்று போனைத் தேடத் தொடங்கினார்.

அக்காவுக்கு ஒரு நொடிகூட வேண்டியிருக்கவில்லை. "அது கழிஞ்ச வருஷத்தெ ஆணு சாரே. எனிக்கும் அதுதன்னெ கிட்டியது" என்று, அது போன வருடத்தது, தனக்கும் அதுவே வந்தது என்பதை மலையாளத்தில் சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்று என்னைக் கேட்டுக்கொண்ட கலண்டர் கதையைத் தானே முழுவதுமாகச் சொன்னார். புதிய நோட்டீஸை மேசையில் வைத்து, அதில் வருடம் இருந்த இடத்தையும் காட்டினார்.

மேனேஜர் சிரித்தார். லேபில் போன வருடம் இன்னும் தீரவில்லையா என்று கேட்டார். டிசம்பர் வரைக்கும் இருக்கிறது சார், சாம்பிள் கழிக்க வேண்டும் என்றார் அக்கா. என் ஆவணங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே மேனேஜர் கப்பல் பட்டியலைக் கண்ணால் ஓட்டினார், 23-இல் நின்றார், தாளைப் பார்த்தார், தலையசைத்தார். 21,000 என்று எழுதிய முதல் தாள் இந்த அறைக்குள் வந்திருந்தால், அவருடைய போனில் இருந்த பழைய நோட்டீஸோடு கச்சிதமாகப் பொருந்தி, ஒப்புதலும் கிடைத்திருக்கும். அப்புறம் ஜூலை 14 அன்று அக்கா களமசேரியில் ஒரு காலி ஹாலுக்கு முன்னால் நின்றிருப்பார். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒப்புதல் 27 சனிக்கிழமை மின்னஞ்சலில் வந்தது. அக்கா அதையும் அச்செடுத்துக்கொண்டு மாடியேறி வந்தார்.

"இதையும் நோக்கு. இப்ப சார் எழுதினது."

தேதிகள் சரி, கிழமைகள் சரி, தொகை சரி, இன்வாய்ஸ் நிறுவனத்தின் பெயரில் என்பதும் இருந்தது. பயிற்சிக்குப் பிறகு ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை. அதில் அக்காவுக்கு ஆட்சேபம் இல்லை. நான் எங்கே போகப்போகிறேன், அக்கரைக்கா என்றார். கடைசி வரி: தேர்ச்சி பெற்றபின் பொறுப்பு வழங்குவது பற்றிப் பரிசீலிக்கப்படும்.

"இதுல தப்பில்ல அக்கா" என்றேன்.

"தப்பில்ல. ஆனா இது அவரு வாயில சொன்னது இல்ல. வாயில சொன்னது 'தரேன்'னு. எழுதும்போது 'பரிசீலிக்கப்படும்'னு ஆயிடுச்சு. ஒரு வருஷம் நான் போகக் கூடாதுங்கிறது மட்டும் பரிசீலனை இல்ல, பாத்தியா?"

இந்த முறை அவர் என் உதவியைக் கேட்கவில்லை. என் மேசையில் உட்கார்ந்தே போனில் பதில் அடித்தார். ஒரு வருட நிபந்தனையை ஏற்கிறேன். தாங்கள் நேரில் கூறியபடி தேர்ச்சி பெற்றதும் பொறுப்பு எனக்கு என்பதை இதே மின்னஞ்சலில் உறுதிசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டே வாக்கியம். 'தாழ்மையுடன்' எங்கும் இல்லை. அனுப்பிவிட்டு என்னைப் பார்த்து, சரியா என்று கேட்டார். அனுப்பிய பிறகு பிழை பார்ப்பதில் எனக்கு அனுபவம் இல்லை என்றேன்.

ஜூன் 29 திங்கள் மாலை ஒரு சொல்லில் பதில் வந்தது: உறுதிசெய்யப்படுகிறது. ஜூலை 1 அன்று சேட்டன் பணத்தை அனுப்பினார். 17 வெள்ளி மதியம் மிளகு அறிக்கை என் கைக்கு வந்தது. 23 அன்று கன்டெய்னர் நேரத்துக்குத் துறைமுகத்துக்குள் போனது. அன்று நல்ல மழை. அக்கா களமசேரியிலிருந்து எனக்குப் போன் செய்து, கன்டெய்னர் போனதா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தார். அடுத்த நாள் அவருக்குத் தேர்வு.

27 திங்கள் முதல் அவர் லேபுக்குத் திரும்பினார். வந்த வாரத்திலேயே உள் தணிக்கைக்குத் திட்டம் போடத் தொடங்கிவிட்டார். முதலில் கேள்வி கேட்கப்போவது ஆவணப் பிரிவைத்தானாம், அதாவது என்னை. கப்பல் வாரியாகத் தாள்களை அடுக்கிவைக்கச் சொல்லியிருக்கிறார். தேதி வாரியாக ஏற்கெனவே அடுக்கியிருக்கிறது என்றேன். அதைத் தான்தான் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார்.

இதை எழுதுவது ஆகஸ்ட் 8, சனிக்கிழமை. தேர்வு முடிவு சில வாரத்தில் மின்னஞ்சலில் வரும் என்பது பயிற்சி நிறுவனம் சொன்னது. இன்று வரை வரவில்லை. பொறுப்புக்கான உத்தரவும் அதற்காகத்தான் நிற்கிறது. அக்கா தேர்ச்சி பெற்றுவிட்டதாகவே பேசுகிறார். தாள் எளிதாக இருந்தது என்கிறார், கேள்வி கேள்வியாகத் தான் எழுதிய பதிலையும் சொல்கிறார். அவர் சொன்ன பதில்களைக் கேட்டவரைக்கும் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனாலும் குறிப்பில் இப்படித்தான் எழுதியிருக்கிறேன்: தேர்வு எழுதியது ஜூலை 24, வெள்ளி. தேர்ச்சி, அவர் வாக்குப்படி. தாள் எதையும் நான் பார்க்கவில்லை, இன்னும் சரிபார்க்கப்படவில்லை.